வயரை ஆட்டினால்தான் ஓடும் டிரில் மிஷின்: அறுந்த இழையைத் தேடிப் பிடித்துச் சரிசெய்யும் முழு வழிகாட்டி

டிரில் மிஷினின் ட்ரிகரை அழுத்துகிறீர்கள், ஓடவில்லை. வயரைக் கைப்பிடிப் பக்கம் கொஞ்சம் மடக்கிப் பிடித்தால் ஓடுகிறது, விட்டால் நின்றுவிடுகிறது. இந்த நிலையில் நூற்றுக்குத் தொண்ணூறு பேர் செய்வது, மடக்கிய நிலையிலேயே இன்சுலேஷன் டேப்பைச் சுற்றி வேலையைத் தொடர்வதுதான். அது சில நாள் ஓடும். ஆனால் டேப்புக்கு அடியில் செம்பு இழைகள் தொடுவதும் பிரிவதுமாக இருக்கும். ஒவ்வொரு முறை பிரியும்போதும் உள்ளே ஒரு சின்னப் பொறி பறக்கும். அந்தச் சூட்டில் இன்சுலேஷன் கருகி, கடைசியில் வயருக்குள் தனித்தனி உறையோடு ஓடும் இரண்டு கோரும் ஒன்றையொன்று தொட்டு பியூஸ் போகும், இல்லாவிட்டால் ஓர் இழை உறையைக் குத்திக்கொண்டு வெளியே வந்து கையைத் தொடும். சரியான இடத்தில் வெட்டி மறுபடி மாட்டுவது அரை மணி நேர வேலை. அந்தச் சரியான இடம் எது என்று கண்டுபிடிப்பதில்தான் சாமர்த்தியம் இருக்கிறது.

இங்கே நான் எடுத்துக்கொள்வது நம் ஊரில் அதிகம் புழங்கும் வகை: 230 வோல்ட்டில் ஓடும், 600 வாட் அளவுள்ள, 13 மி.மீ. சக் கொண்ட இம்பாக்ட் டிரில். பிளாஸ்டிக் உடல், இரண்டு கோர் வயர், டூ பின் டாப். உடலில் ஒட்டியிருக்கும் பெயர்த்தகட்டில் சதுரத்துக்குள் சதுரம் போட்டிருந்தால் அது இரட்டைக் காப்பு மிஷின், எர்த் வயர் தேவையில்லாதது. பழைய உலோக உடல் மிஷின் என்றால் மூன்று கோர் இருக்கும். அதைப் பற்றி மாட்டும் இடத்தில் சொல்கிறேன்.

உள்ளே என்ன நடக்கிறது

இத்தகைய மிஷின்களில் பெரும்பாலும் 0.75 சதுர மி.மீ. வயர் இருக்கும், சிலவற்றில் 1 சதுர மி.மீ. 0.75 வயரின் ஒவ்வொரு கோரிலும் 0.2 மி.மீ. தடிமன் உள்ள 24 செம்பு இழைகள் முறுக்கி இருக்கும். 1 சதுர மி.மீ. என்றால் 32 இழைகள். செம்பை ஒரே இடத்தில் திரும்பத் திரும்ப மடக்கினால் அந்த இடம் விறைத்து, பிறகு முறியும். 24 இழையும் ஒரே நாளில் போவதில்லை. வெளிவளைவில் இருப்பது முதலில் போகும், அடுத்தது போகும். இருபது இழை அறுந்த பிறகும் மிஷின் எந்தக் குறையும் காட்டாமல் ஓடிக்கொண்டிருக்கும்.

600 வாட் மிஷின் முழுச் சுமையில் சுமார் 2.6 ஆம்பியர் இழுக்கும். ஒற்றை இழை மிச்சமிருந்தால்கூட அது இந்தக் கரண்டைத் தாங்கிக்கொள்ளும், கொஞ்சம் சுடும், அவ்வளவுதான். ஆனால் பிட் கான்கிரீட்டில் சிக்கி மோட்டார் திணறும்போது கரண்ட் பல மடங்கு எகிறும். அந்த நொடியில் மிச்ச இழை உருகிப் போகும். அதனால்தான் பலருக்கு இந்தக் கோளாறு வேலைக்கு நடுவில், சுவரில் பாதி துளை போட்ட நிலையில் முதன்முதலாகத் தெரியவருகிறது. அதற்குப் பிறகு இழை முனைகள் ஒன்றோடொன்று உரசுவதைப் பொறுத்து ஓடும், நிற்கும்.

முறியும் இடம் பெரும்பாலும் கைப்பிடியின் அடியில், வயர் உள்ளே நுழையும் ரப்பர் ஸ்லீவின் பக்கத்தில்தான். விறைப்பான பகுதி முடிந்து நெகிழ்வான பகுதி தொடங்கும் இடம் அது. வேலை முடிந்ததும் வயரை மிஷினைச் சுற்றி இறுக்கிக் கட்டும் பழக்கமும், ஏணியின் மேலிருந்து வயரைப் பிடித்து மிஷினைக் கீழே இறக்கும் பழக்கமும் அந்த ஒரே புள்ளியைத்தான் தாக்கும். அடுத்த வாய்ப்பு, பின் டாப்பின் கழுத்து. வயரின் நடுவில் முறிவது அபூர்வம், கதவிடுக்கில் நசுங்கியிருந்தாலோ கனமான பொருள் மேலே விழுந்திருந்தாலோ நடக்கும்.

வயர்தானா என்று முதலில் உறுதிசெய்க

வயரை ஆட்டும்போது கூடவே வேறு சிலவும் ஆடுகின்றன. சாக்கெட்டுக்குள் இருக்கும் பித்தளைப் பிடி தளர்ந்திருந்தால், வயரை இழுக்கும்போது பின் ஆடி அதுவும் இதே மாதிரிதான் நடந்துகொள்ளும். ஆகவே வேறு ஒரு சாக்கெட்டில், இறுக்கமாகப் பிடிக்கும் சாக்கெட்டில், போட்டுப் பாருங்கள். அதற்கு முன் பிளக்கைக் கழற்றிய நிலையில் வயரின் முழு நீளத்தையும் கண்ணால் பாருங்கள். மேலுறை எங்காவது வெடித்தோ கருகியோ செம்பு தெரிந்தோ இருந்தால், மின்சாரத்தில் வைத்து ஆட்டிப் பார்க்கும் சோதனையே வேண்டாம், நேராக மல்டிமீட்டர் சோதனைக்குப் போய்விடுங்கள்.

உறை நன்றாக இருந்தால் மட்டும் இந்தச் சோதனை. பிட்டைக் கழற்றிவிடுங்கள். மிஷினை மேசையில் படுக்கவைத்து ஒரு கையால் அழுத்திப் பிடித்து, அதே கையால் ட்ரிகரை அழுத்துங்கள். ட்ரிகரை அழுத்திய நிலையிலேயே பிடித்துவைக்கும் லாக் பட்டனைப் போடாதீர்கள். இன்னொரு கையால் மிஷின் அசையாதபடி வயரை மட்டும் வளையுங்கள். மோட்டார் விட்டுவிட்டு ஓடினால் கோளாறு வயரில். வயரை அசைக்காமல் மிஷினின் உடலைத் தட்டினால்தான் ஓடுகிறது, பின்பக்கக் காற்றுத் துளைகளில் அதிகம் பொறி தெரிகிறது என்றால் மோட்டாருக்குக் கரண்ட் கொண்டுபோகும் கார்பன் பிரஷ் தேய்ந்திருக்கிறது. ட்ரிகரை ஒரு பக்கமாகச் சாய்த்து அழுத்தினால் மட்டும் ஓடினால் ஸ்விட்ச்.

சமீபத்தில் பால்ஸ் சீலிங் வேலை செய்யும் ஒரு தம்பி கொண்டுவந்த மிஷினை எடுத்துக்கொள்வோம். "அண்ணே, ஸ்விட்ச் போயிடுச்சுன்னு கடையில சொன்னாங்க. ஆனா வயரை மேல பார்த்து மடக்குனா நல்லா ஓடுது" என்றார். கைப்பிடி அடியில் டேப் தடிமனாகச் சுற்றியிருந்தது. டேப்பைப் பிரித்ததும் ஸ்லீவின் வாய்ப்பக்கம் வயர் ஒரு விரற்கடை நீளத்துக்கு மெத்தென்று, உள்ளீடு இல்லாதது மாதிரி வளைந்தது. நல்ல வயரை வளைத்தால் செம்பின் எதிர்ப்பு விரலுக்குத் தெரியும், வளைவு வட்டமாக வரும். அறுந்த இடத்தில் அது மடிந்து கூராக நிற்கும். மீட்டரை எடுப்பதற்கு முன்பே இந்த விரல் சோதனையில் இடம் பெரும்பாலும் பிடிபட்டுவிடும்.

மீட்டரின் பீப் சத்தத்தை எவ்வளவு நம்பலாம்

இந்த வேலையில் ஏமாறும் இடம் இதுதான். மல்டிமீட்டரை, தொடர்பு இருந்தால் சத்தம் கொடுக்கும் கண்டினியூட்டியில் வைத்து, பின்னுக்கும் உள்முனைக்கும் இடையே வைத்தால் பீப் என்று சத்தம் வரும். உடனே "வயர் நல்லா இருக்கு" என்று மூடிவிடுவார்கள். பெரும்பாலான மீட்டர்கள் சில பத்து ஓம் வரைக்கும் பீப் அடிக்கும். 24 இழையில் ஒன்றே ஒன்று ஒட்டிக்கொண்டிருந்தாலும் ஒரு சென்டிமீட்டர் நீளத்தில் அதனால் கூடும் ரெசிஸ்டன்ஸ் ஓர் ஓமில் நூறில் ஒரு பங்குகூட இல்லை. மீட்டரின் சொந்த லீடுகளே அதைவிடப் பல மடங்கு காட்டும். அதாவது முழு வயருக்கும் ஒற்றை இழைக்கும் மீட்டருக்கு வித்தியாசமே தெரியாது. அசையாமல் கிடக்கும் வயரில் வரும் பீப் எதையும் நிரூபிப்பதில்லை. வயரை வளைக்கும்போது அந்தச் சத்தம் அறுபடுகிறதா என்பதுதான் கேள்வி.

வேலை இப்படி. பிளக்கைச் சாக்கெட்டிலிருந்து எடுத்து, பின்கள் உங்கள் கண் முன்னால் இருக்கும்படி மேசையில் வையுங்கள். மீட்டரின் லீடுகளை முதலைவாய்க் கிளிப்பால் இரண்டு பின்களிலும் மாட்டுங்கள், கை இரண்டும் சும்மா இருக்க வேண்டும். ட்ரிகரை முழுக்க அழுத்தி லாக் பட்டனைப் போடுங்கள். மிஷினில் மின்சாரம் இல்லாததால் இங்கே லாக் போடுவதில் தப்பில்லை, ஆனால் வேலை முடிந்ததும் மறக்காமல் எடுத்துவிடுங்கள். லாக்கோடு பிளக்கைச் செருகினால் மிஷின் கையை விட்டுத் துள்ளும். இப்போது மீட்டர் வயர், ஸ்விட்ச், கார்பன் பிரஷ், மோட்டார் சுருள் எல்லாவற்றையும் சேர்த்து அளக்கிறது. 200 ஓம் ரேஞ்சில் வைத்தால் இந்த அளவு மிஷினுக்குப் பொதுவாகச் சில ஓம் முதல் இருபது ஓம் வரைக்குள் ஓர் எண் வரும். வயரை வளைக்கும்போது அந்த எண் தாவுகிறதா, இடது ஓரத்தில் தனியாக 1 என்றோ `OL` என்றோ வருகிறதா என்று பாருங்கள். சத்தத்தைவிட எண்ணைப் பார்ப்பது நல்லது. விலை குறைந்த மீட்டர்களில் பீப் தாமதமாக வரும், வேகமாக ஆட்டினால் தவறவிடும். மெதுவாக வளைத்து, ஒரு கணம் நிறுத்தி, பிறகு விடுங்கள்.

வேகக் கட்டுப்பாடு உள்ள ஸ்விட்சுகளில் உள்ளே ஒரு மின்னணுச் சில்லு இருக்கும். அவற்றில் சிலவற்றில் ட்ரிகரை முழுக்க அழுத்தினாலும் பின்களுக்கு இடையே எதுவும் காட்டாது. மீட்டர் கொடுக்கும் சிறு வோல்டேஜில் அந்தச் சில்லு திறப்பதில்லை. வயரை எப்படி வளைத்தாலும் 1 மட்டுமே வந்தால் பயப்பட வேண்டாம், மிஷினைத் திறந்து வயரைத் தனியாக அளக்க வேண்டும். தம்பியின் மிஷின் இந்த வகைதான்.

இடத்தைக் குறுக்குவதற்கு, வயர் முழுவதையும் ஒரே நேரத்தில் ஆட்டாதீர்கள். மொத்தமாக ஆட்டினால் எங்கோ அறுந்திருக்கிறது என்பது மட்டும்தான் தெரியும். வயரை மேசையில் நேராகக் கிடத்தி, இரண்டு கைக் கட்டைவிரல் ஆள்காட்டி விரல்களால் மூன்று சென்டிமீட்டர் இடைவெளியில் பிடித்து, அந்தத் துண்டை மட்டும் நாலு திசையிலும் வளையுங்கள். பிறகு அடுத்த மூன்று சென்டிமீட்டர். பின் டாப்பின் கழுத்திலிருந்து தொடங்கி மிஷினை நோக்கி நகருங்கள். எண் தாவும் இடத்தில் பேனாவால் குறி போடுங்கள். இரண்டு மீட்டர் வயரைக் கடக்க ஐந்து நிமிடம் போதும்.

ரப்பர் ஸ்லீவுக்குள் விரல் போகாது. அங்கே வளைப்பதற்குப் பதில் வயரை மிஷினுக்குள் தள்ளிப் பாருங்கள், பிறகு இழுத்துப் பாருங்கள். தள்ளும்போது தொடர்பு வந்து, இழுக்கும்போது போனால் அறுந்த முனைகள் ஸ்லீவுக்குள்ளோ அதற்கு மேலே வயரைப் பிடித்திருக்கும் கிளாம்புக்குப் பக்கத்திலோதான் இருக்கின்றன. தள்ளும்போது முனைகள் ஒன்றையொன்று முட்டுகின்றன, அவ்வளவுதான் விஷயம்.

சிலர் கரண்டைத் தொடாமலே உணரும் டெஸ்டர் பேனாவை வயர் மேல் ஓட்டி, விளக்கு அணையும் இடத்தில்தான் அறுப்பு என்பார்கள். ஒற்றை வயரில் அது சரி. இரண்டு கோர் வயரில் பக்கத்துக் கோரின் மின்சாரத்தையும் அந்தப் பேனா முகரும். அறுந்தது நியூட்ரல் கோர் என்றால் பேனா கடைசி வரை எரிந்துகொண்டே இருக்கும். மின்சாரத்தோடு விளையாடி இவ்வளவு குறைந்த தகவல் பெறுவதில் எனக்கு விருப்பமில்லை.

மிஷினைத் திறப்பது

அறுப்பு பின் டாப்பின் கழுத்தில் என்றால் மிஷினைத் திறக்கவே வேண்டாம். வார்ப்பு பின் டாப்பை ஐந்து சென்டிமீட்டர் வயரோடு வெட்டி எறிந்துவிட்டு, ஸ்க்ரூ வைத்த நல்ல டூ பின் டாப் மாட்டினால் முடிந்தது. வெட்டிய பழைய பின்னைக் குப்பையில் போடும் முன் பின்களை வளைத்துவிடுங்கள். வயர் துண்டோடு இருக்கும் பின்னைக் குழந்தைகள் எடுத்துச் சாக்கெட்டில் செருகிவிடக் கூடாது.

கைப்பிடிப் பக்கம் என்றால் திறக்க வேண்டும். பிளக் கழன்றிருக்கிறதா என்று இன்னொரு முறை பாருங்கள். பிட், பக்கக் கைப்பிடி இரண்டையும் எடுத்துவிட்டு, மிஷினை ஒரு துண்டின் மேல் ஸ்க்ரூக்கள் மேலே தெரியும்படி படுக்கவையுங்கள். ஸ்க்ரூக்கள் பெரும்பாலும் ஆறு முனை நட்சத்திரத் தலை, சிலவற்றில் சாதாரண ஸ்டார். நீளம் வேறுபடலாம் என்பதால் கழற்றிய இடத்தின் வரிசையிலேயே ஒரு அட்டையில் குத்தி வையுங்கள். எல்லா ஸ்க்ரூவும் வந்த பிறகு மேல் பாதியை மட்டும் மெல்லத் தூக்குங்கள். ஒட்டிக்கொண்டால் ஒரு ஸ்க்ரூ ஸ்டிக்கருக்கு அடியில் ஒளிந்திருக்கும், நெம்பாதீர்கள். கார்பன் பிரஷின் ஸ்பிரிங் துள்ளக்கூடும், ஆகவே முகத்தைத் தள்ளி வையுங்கள். மோட்டாரையும் கியரையும் தொடவே வேண்டாம், அவை கீழ்ப் பாதியில் அப்படியே உட்கார்ந்திருக்கட்டும்.

இப்போதே போனில் இரண்டு படம் எடுத்துக்கொள்ளுங்கள். ஒன்று ஸ்விட்சில் எந்த நிறம் எந்தத் துளையில் போகிறது என்பது. இன்னொன்று வயர்கள் எந்த இடுக்கு வழியாக வளைந்து போகின்றன என்பது. மூடும்போது இரண்டாவது படம்தான் அதிகம் உதவும்.

வயர் உள்ளே வந்ததும் ஒரு சின்ன கிளாம்ப், இரண்டு ஸ்க்ரூவால் இறுக்கியது, அதைப் பிடித்துக்கொண்டிருக்கும். அதைக் கழற்றுங்கள். ஸ்விட்சில் முனை பிடிப்பது இரண்டு விதம். ஸ்க்ரூ என்றால் தளர்த்தி எடுத்துவிடலாம். செருகும் வகை என்றால் வயர் போகும் துளைக்குப் பக்கத்திலேயே இன்னொரு குறுகிய துளை இருக்கும். அதில் ஒரு மி.மீ. தடிமன் உள்ள எஃகு ஊசியைச் செருகி அழுத்திக்கொண்டு வயரை இழுத்தால் வந்துவிடும். பலம் போட்டு இழுத்தால் உள்ளே இருக்கும் பிடி வளைந்து, புது ஸ்விட்ச் வாங்க வேண்டிவரும்.

வயர் கையில் தனியாக வந்ததும் கோர் கோராக அளக்கலாம். பழுப்புக் கோரின் முனையில் ஒரு லீடு, பின்னில் இன்னொரு லீடு. இரண்டு பின்னில் எது பீப் அடிக்கிறதோ அதுதான் அந்தக் கோரின் பின். இப்போது ஸ்லீவ் பகுதியை வளையுங்கள். பிறகு நீலக் கோருக்கும் அதே. பழைய வயரில் நிறம் சிவப்பும் கறுப்புமாக இருக்கலாம். தம்பியின் மிஷினில் நீலம் எப்படி வளைத்தாலும் அசையாமல் பீப் அடித்தது, பழுப்பு ஸ்லீவின் வாய்க்கு உள்ளே ஒரு சென்டிமீட்டரில் விட்டுவிட்டு வந்தது.

எங்கே வெட்டுவது

பழுப்பு மட்டும்தான் அறுந்தது, அதை மட்டும் வெட்டி ஒட்டலாமே என்று தோன்றும். ஆனால் இரண்டு கோரும் ஒரே உறைக்குள், ஒரே இடத்தில், ஒரே அளவு மடங்கியவை. ஒன்று முற்றிலும் போயிருந்தால் மற்றது பாதி போயிருக்கும், மீட்டர் மட்டும் அதைச் சொல்லாது. ஆகவே இரண்டையும் சேர்த்து, குறி போட்ட இடத்திலிருந்து பின் டாப் பக்கமாகப் பத்து சென்டிமீட்டர் தள்ளி முழு வயரையும் நேராக வெட்டுங்கள்.

வெட்டிய துண்டை எறியும் முன் அதன் மேலுறையை நீளவாக்கில் கீறி உள்ளே பாருங்கள், நிறையத் தெரியும். தம்பியின் துண்டில் பழுப்புக் கோரை இரண்டு முனையிலும் பிடித்து இழுத்ததும் அது ரப்பர் மாதிரி நீண்டு, நடுவில் மெலிந்தது. உள்ளே செம்பு தொடர்ச்சியாக இல்லை என்பதற்கு இதைவிடத் தெளிவான அடையாளம் கிடையாது. இன்சுலேஷனை உரித்ததும் இழை முனைகள் கறுத்து, சிலவற்றின் நுனியில் குண்டூசித் தலையைவிடச் சிறிய செம்பு மணிகள் உருகித் திரண்டிருந்தன. பொறி பறந்து உருகியதன் தடயம் அது. மீட்டர் நல்லது என்று சொன்ன நீலக் கோரை உரித்தபோது அதிலும் ஏழெட்டு இழைகள் அறுந்து விரிந்து கிடந்தன. பழுப்பை மட்டும் சரிசெய்திருந்தால் சில மாதத்தில் அவர் மறுபடி வந்திருப்பார்.

மிச்சமிருக்கும் வயரின் புது முனையில் ஒரு சென்டிமீட்டர் உரித்து இழைகளைப் பாருங்கள். செம்பு பளபளவென்று செந்நிறமாக இருக்க வேண்டும், எண்ணினால் 24 அல்லது 32 வர வேண்டும். கறுப்போ பச்சையோ படிந்திருந்தால் இன்னும் ஐந்து சென்டிமீட்டர் வெட்டிப் பாருங்கள். அப்போதும் கறுப்பு என்றால் ஈரம் உள்ளே ஏறியிருக்கிறது, முழு வயரையும் மாற்றுவதுதான் வழி. வெட்டிய பிறகு வயர் ஒன்றரை மீட்டருக்கும் குறைவாகிவிட்டாலும் புது வயரே போடுங்கள். நீளம் போதாவிட்டால் வேலை நேரம் முழுக்க வயர் இழுபட்டு நிற்கும், மறுபடி அதே இடம் முறியும். புது வயர் வாங்கும்போது வட்டமான மேலுறை உள்ள, இரண்டு கோர், பழையதற்குக் குறையாத தடிமன் என்று கேளுங்கள். பழைய துண்டைக் கையோடு எடுத்துப்போய் மேலுறையின் வெளித் தடிமனும் பொருந்துகிறதா என்று பார்ப்பது அவசியம். மெல்லியதாக இருந்தால் கிளாம்ப் பிடிக்காது, தடித்திருந்தால் ஸ்லீவுக்குள் போகாது.

அறுப்பு வயரின் நடுவில் என்றால் அங்கே சால்டர் வைத்து ஒட்டி டேப் சுற்ற ஆசை வரும். சால்டர் வைத்த இடம் விறைப்பாகிவிடும், அதன் ஓரத்தில் வளைவு குவிந்து, அங்கேயே அடுத்த அறுப்பு வரும். இழுபடும் வயரில் நடு இணைப்பே கூடாது. முழு வயரையும் மாற்றுங்கள்.

மறுபடி மாட்டுவது

முதலில் ரப்பர் ஸ்லீவை வயரில் ஏற்றுங்கள். எல்லாம் மாட்டி முடித்த பிறகு ஸ்லீவ் மேசை மேல் கிடப்பதைப் பார்க்கும் அனுபவம் இந்தத் தொழிலில் எல்லோருக்கும் உண்டு. ஸ்லீவ் இறுக்கமாக இருந்தால் வயரில் ஒரு சொட்டுச் சோப்புத் தண்ணீர் தடவினால் வழுக்கிப் போகும், எண்ணெய் வேண்டாம், ரப்பர் ஊறிவிடும். ஸ்லீவே வெடித்திருந்தால் புதிது போடுங்கள். வயரைக் கூர் மடிப்பாக மடங்கவிடாமல் வட்டமாக வளையவைப்பதே அதன் வேலை.

பழைய வயரில் மேலுறை எவ்வளவு நீளம் உரிக்கப்பட்டிருந்ததோ அதே நீளம் உரியுங்கள். பிளேடால் உறையை ஆழமாக வெட்டாதீர்கள். சுற்றிலும் லேசாகக் கீறி, வயரை மடக்கினால் கீறல் தானே பிளந்துகொள்ளும். உள்ளே இருக்கும் கோரின் இன்சுலேஷனில் கத்தி பட்டுவிட்டால் அந்த முனையை வெட்டிவிட்டு மறுபடி தொடங்குங்கள். கோர்களின் முனையில் ஆறு முதல் எட்டு மி.மீ. செம்பு வெளியே தெரிய உரித்து, இழைகளை ஒரே திசையில் இறுக்கி முறுக்குங்கள். இழைகளைச் சேர்த்துப் பிடிக்கும் சின்ன உலோக முனைக் குழாய் இருந்தால் போட்டு நசுக்குவது எல்லாவற்றையும்விட நல்லது. அது இல்லாமல் ஸ்க்ரூ வகை ஸ்விட்சில் மாட்டுவதென்றால், முறுக்கிய இழைகளை அப்படியே செருகி இறுக்குங்கள், ஈயம் வைக்க வேண்டாம். ஸ்க்ரூவின் அழுத்தத்தில் ஈயம் மெல்ல மெல்ல நசுங்கிப் பிடி தளர்ந்துவிடும், பிறகு அந்த முனை சுடும். செருகும் வகையில் இழைகள் உள்ளே போகும்போது விரிந்துவிடும் என்பதால் முனைக் குழாய் கட்டாயம் என்றே வைத்துக்கொள்ளுங்கள். மாட்டியதும் ஒவ்வொரு கோரையும் தனித்தனியாக இழுத்துப் பாருங்கள். ஓர் இழைகூடத் துளைக்கு வெளியே துருத்தி நிற்கக் கூடாது.

மூன்று கோர் உள்ள உலோக மிஷின் என்றால் பச்சை வயரை மற்ற இரண்டையும்விட இரண்டு சென்டிமீட்டர் நீளமாக விடுங்கள். வயர் பிடுங்கிக்கொண்டு வரும் அளவுக்கு யாராவது இழுத்தால் எர்த் கடைசியில்தான் கழல வேண்டும்.

கிளாம்ப் மேலுறையைப் பிடிக்க வேண்டும், உள் கோர்களை அல்ல. மேலுறை கிளாம்பைத் தாண்டி உள்ளே ஐந்து மி.மீ. ஆவது தெரியட்டும். இறுக்கிய பிறகு வெளியே இருந்து வயரை நன்றாக இழுங்கள், ஸ்விட்சில் இருக்கும் கோர்கள் அசையவே கூடாது. அசைந்தால் கிளாம்ப் சரியாகப் பிடிக்கவில்லை, இழுப்பு முழுவதும் ஸ்விட்ச் முனையில் விழும். பலர் அவசரப்படுவது இந்த இடத்தில்தான்.

படத்தைப் பார்த்து வயர்களை அவற்றின் இடுக்குகளில் படுக்கவைத்து, ஸ்லீவின் விளிம்பை அதன் பள்ளத்தில் உட்காரவைத்து, மேல் பாதியை வையுங்கள். ஸ்க்ரூ போடாமலே இரண்டு பாதியும் இடைவெளி இன்றிச் சேர வேண்டும். எங்காவது ஒரு மி.மீ. தூக்கி நின்றால் ஏதோ ஒரு வயர் நசுங்குகிறது. ஸ்க்ரூவால் அமுக்கி மூடாமல், திறந்து பாருங்கள்.

மின்சாரம் கொடுக்கும் முன்

மீட்டரை அதன் உச்ச ஓம் ரேஞ்சில் வைத்து, ஒரு லீடைச் சக்கிலும் இன்னொன்றை ஒவ்வொரு பின்னிலும் வையுங்கள். ட்ரிகரை அழுத்தியும் விட்டும் பாருங்கள், எல்லா நிலையிலும் திறந்த சுற்றே காட்ட வேண்டும். ஏதாவது எண் வந்தால் மூடும்போது வயர் நசுங்கியிருக்கிறது, மிஷினைப் பிளக்கில் போடாதீர்கள்.

அடுத்தது சீரிஸ் போர்டு. 100 வாட் குண்டு பல்பு ஒன்றைச் சாக்கெட்டோடு தொடராக இணைத்தது, எந்த மெக்கானிக் கடையிலும் சுவரில் தொங்கும். எல்இடி பல்பு இதற்கு ஆகாது. மிஷினை அதில் செருகி ட்ரிகரை விட்ட நிலையில் பல்பு எரியக் கூடாது. எரிந்தால் இரண்டு கோரும் எங்கோ தொடுகின்றன. ட்ரிகரை முழுக்க அழுத்தினால் பல்பு எரியும், மோட்டார் முனகும் அல்லது மெல்லச் சுழலும். பல்பு வழியாகக் கிடைக்கும் கரண்ட் அரை ஆம்பியருக்கும் குறைவு என்பதால் மிஷின் துள்ளாது, சோதனை நிதானமாகச் செய்யலாம். அந்த நிலையில் ஸ்லீவைச் சுற்றியும் பின் டாப் கழுத்திலும் வயரை வளையுங்கள். பல்பு ஒரு முறைகூடச் சிமிட்டாமல் எரிய வேண்டும். மீட்டரின் பீப் தவறவிடும் நொடித் துண்டிப்பைப் பல்பு காட்டிக்கொடுத்துவிடும்.

சிமிட்டினால், வயரை மேசையில் அசையாமல் வைத்துவிட்டு ட்ரிகரை மட்டும் மேலும் கீழும் லேசாக நெளியுங்கள். அப்போதும் சிமிட்டினால் குறை வயரில் இல்லை, ஸ்விட்சுக்குள் தொடுமுனை கருகியிருக்கிறது. வயர் அறுந்து பல நாள் பொறி பறந்த மிஷின்களில் ஸ்விட்சும் சேர்ந்து பாதிக்கப்படுவது உண்டு. தம்பியின் மிஷினில் பல்பு சீராக எரிந்தது. நேராகச் சாக்கெட்டில் போட்டு கான்கிரீட்டில் நாலைந்து துளை போட்டுவிட்டு, பிளக்கைக் கழற்றி, ஸ்லீவுக்கு வெளியே வயரை விரலால் பிடித்துப் பார்த்தோம். மிச்ச வயரைவிட அந்த இடம் சூடாக இல்லை. அவர் வழக்கம்போல வயரை மிஷினைச் சுற்றி இறுக்கத் தொடங்கினார். "கைப்பிடிகிட்ட ஒரு சாண் லூஸா விட்டுட்டு, அப்புறம் தனி வளையமா சுத்துப்பா" என்று சொல்லி, வளையத்தைக் கட்ட ஒரு துண்டுக் கயிறும் கொடுத்தனுப்பினேன்.